ஆத்தங்குடியில் இருமுறை படப்பிடிப்பு: இரண்டு பத்தி ஸ்கிரிப்ட் பற்றி முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்

காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடியில் கையால் வார்க்கப்படும் தளக்கற்களைப் பற்றி நான்கு நிமிட வீடியோ ஒன்றைத் தயாரித்துத் தரும் வேலை எனக்கு வந்தது. அதுவரை நான் திருமண வீடியோக்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் கேமரா பிடித்திருந்தேனே தவிர, சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை திட்டமிட்டுப் படம் எடுத்ததில்லை. பேசிய தொகை 60,000 ரூபாய். அதில் 27,000 ரூபாய், இரண்டாவது முறை ஆத்தங்குடிக்குப் போய் வந்ததிலும் அதற்குப் பின் கூடுதலாக எடிட்டரிடம் உட்கார்ந்ததிலும் கரைந்தது. படமும் மூன்று வாரம் தாமதமாகத்தான் கைமாறியது. அந்த மூன்று வாரமும் இரவில் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. ஒரே தாளில் இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று எழுதும் இரண்டு பத்தி ஸ்கிரிப்ட் முன்பே தெரிந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். இதே நிலையில் இப்போது இருப்பவருக்குப் பயன்படட்டும் என்பதற்காகவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

வேலை கொடுத்தவர்கள் ஸ்கிரிப்ட் என்று என்னிடம் தந்தது இரண்டரைப் பக்கக் கட்டுரை. நல்ல தமிழில் இருந்தது, எல்லோரும் படித்து ஒப்புதல் தந்திருந்தார்கள். இதைக் குரலில் பதிவு செய்து, மேலே படங்களைப் போட்டால் வேலை முடிந்துவிடும் என்றார்கள். மதுரையிலிருந்து கேமராமேன், உதவியாளர், வாடகை கார் என்று ஏற்பாடு செய்து ஒரு நாள் காலையில் கிளம்பினோம். பட்டறையில் எல்லாமே கண்ணுக்கு அழகாக இருந்தது. கண்ணாடி, அச்சு, நிறக் குழம்பு நிரம்பிய வாளிகள், காயவைத்த கற்களின் வரிசை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தோம். மாலையில் மெமரி கார்டுகள் நிறைந்திருந்தன. மனமும் நிறைந்திருந்தது.

எடிட்டரிடம் உட்கார்ந்த முதல் மணி நேரத்திலேயே இரண்டு இடி விழுந்தது. முதலாவது, நேரம். கட்டுரையில் ஏறத்தாழ 620 சொற்கள் இருந்தன. ஆங்கிலப் பேச்சுக்கு நிமிடத்துக்கு 150 சொற்கள் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் கட்டுரையை எழுதியவர் நான்கு நிமிடம் என்று முடிவு செய்திருந்தார். தமிழில் அது பொருந்தாது. வேற்றுமை உருபும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளமானவை. குரல் கொடுத்தவர் நிதானமாகப் படித்தபோது நிமிடத்துக்கு 90 சொல்தான் போனது. பதிவு முடிந்ததும் பார்த்தால் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். நான்கு நிமிடத்துக்குள் அடங்க வேண்டுமானால் 360 சொற்களுக்கு மேல் இருக்கவே கூடாது. பேச்சில்லாமல் வேலையின் ஒலி மட்டும் கேட்கும் இடங்களும் வேண்டும் என்றால் 280 முதல் 300 வரைதான் எழுதலாம். படிப்பவருக்குப் படிப்பவர் வேகம் மாறும் என்பதால் என்னுடைய 90-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல் கொடுக்கப் போகிறவரையே ஒரு பாராவை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, போனில் நேரம் பார்த்துச் சொற்களை எண்ணிக்கொள்ளுங்கள். மௌனமாகப் படித்து நேரம் பார்த்தால் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும்.

இரண்டாவது இடி, படங்கள். எடிட்டர் ஒவ்வொரு வாக்கியமாக ஓடவிட்டு, "இதுக்கு எந்த ஷாட் சார் போடட்டும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "செட்டிநாட்டின் பாரம்பரியமும் கைத்திறனும் சங்கமிக்கும் கலைப் பொக்கிஷம்" என்ற வரிக்கு என்னிடம் ஷாட் இல்லை. யாரிடமும் இருக்க முடியாது. "தலைமுறைகள் கடந்தும் பழைய வீடுகளின் தரையில் நிறம் மங்காமல் நிற்கிறது" என்ற வரிக்கு ஒரு பழைய வீட்டின் தரை வேண்டும். நாங்கள் பட்டறையை விட்டு வெளியே போகவே இல்லை. எல்லாவற்றையும்விட வலித்தது வேறொன்று. கண்ணாடிமேல் வைத்த பூ அச்சில் நிறம் ஊற்றுவதை அழகாக எடுத்திருந்தோம், ஆனால் கல் இறுகிய பின் அடியில் உள்ள கண்ணாடியைக் கழற்றி அந்தப் பூ வெளிப்படும் ஷாட் எங்களிடம் இல்லை. படத்தின் உயிரே அதுதான். படப்பிடிப்பு நாளில் கேமராமேன் அதைக் கேட்கத்தான் செய்தார். அச்சு வேலை செய்த பெரியவர், "இப்பக் கண்ணாடிய எடுத்தா எல்லாம் கொழகொழன்னு கையோட வந்துரும் தம்பி. காயணும், அப்புறம் தண்ணித் தொட்டியில கிடக்கணும். இன்னைக்கு ஊத்துனது இன்னைக்கு வராது" என்றார். எங்களுக்கு அன்று மாலை திரும்ப வேண்டும். அடுத்ததை எடுக்கப் போய்விட்டோம்.

அன்று இரவு அறையில் தனியாக உட்கார்ந்து, எடிட்டர் கேட்ட அதே கேள்வியை நானே கட்டுரையிடம் கேட்கத் தொடங்கினேன். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் கோடு போட்டு, வலப்பக்கம் கட்டுரையின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக இறக்கினேன். அந்த நேரத்தில் திரையில் என்ன தெரியும் என்பதை இடப்பக்கம் எழுத முயன்றேன். இப்படி இரண்டு பத்தியாக எழுதுவது விளம்பரம், ஆவணப்படம், பயிற்சி வீடியோ எடுப்பவர்களிடம் வெகுகாலமாக இருக்கும் வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் ஒலி என்று வைப்பதே பெரும்பாலும் வழக்கம். மாற்றி வைத்தாலும் குடி முழுகிவிடாது; ஆனால் குழுவில் எல்லோரிடமும் ஒரே வரிசை இருக்க வேண்டும். தாளைப் பார்த்தபோது வலப்பக்கம் நிறைந்திருந்தது, இடப்பக்கத்தில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடங்களை ஆத்தங்குடிக்குப் போகும் முன்பே பார்த்திருந்தால் 27,000 ரூபாய் என் கையில் இருந்திருக்கும் என்று நினைத்தபோது உண்மையாகவே கண் கலங்கியது.

இந்த அட்டவணையின் பயன் முழுவதும் இடப்பக்கத்தை எவ்வளவு கறாராக நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்தது. அங்கே "தளக்கல்லின் சிறப்பு" என்று எழுதினால் கட்டம் நிரம்பியது போலத் தெரியும். கேமராமேனுக்கு அதில் ஒன்றும் இல்லை. எது, என்ன செய்கிறது, எவ்வளவு அருகில், எங்கே என்ற நான்கும் இருந்தால்தான் அது காட்சி. "துணியால் கண்ணாடியைத் துடைக்கும் கை, க்ளோசப், பட்டறை மேசை" என்று எழுதியதை யார் கையில் கொடுத்தாலும் எடுத்து வந்துவிடுவார்கள். பாரம்பரியம், கலைப் பொக்கிஷம் போன்ற வரிகளுக்கு இந்த நான்கையும் எழுத முடியாமல் திணறியபோதுதான் அவற்றை வெட்ட வேண்டும் என்று புரிந்தது. ஒப்புதல் தந்தவர்களிடம் அதைச் சொல்வது சங்கடமாக இருக்கும் என்று பயந்தேன். அட்டவணையை அப்படியே காட்டி, "இந்த வரிக்கு எதிரே என்ன தெரிய வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்" என்றேன். இரண்டு நாளில் அவர்களே பாதி வரிகளை எடுத்துவிட்டார்கள்.

பட்டறைப் பகுதி கடைசியில் எப்படி வந்தது என்பதைக் கீழே தருகிறேன். முழு ஸ்கிரிப்டில் இது நடுப்பகுதி; இடையில் வரும் பேட்டியை மட்டும் இங்கே விட்டிருக்கிறேன். வினாடிக் கணக்கு அந்தக் குரலின் வேகத்துக்கு உரியது.

| காட்சி | பேச்சும் ஒலியும் |
|---|---|
| 7. மேசைமேல் சதுரக் கண்ணாடி. துணியால் துடைக்கும் கை. க்ளோசப். | "ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பு இந்தக் கண்ணாடியில்தான் தொடங்குகிறது." (4 வினாடி) |
| 8. கண்ணாடிமேல் சட்டமும் அதற்குள் பூ அச்சும் இறங்குகின்றன. மேலிருந்து. | பேச்சு இல்லை. உலோகம் கண்ணாடியில் படும் ஒலி. (4 வினாடி) |
| 9. அச்சின் ஓர் அறைக்குள் சிவப்புக் குழம்பு விழுகிறது; அடுத்த அறைக்குள் மஞ்சள். இரண்டு க்ளோசப். | "அச்சின் ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். சிமென்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பு இது." (7 வினாடி) |
| 10. அச்சு மேலே எழுகிறது. நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. ஒரே ஷாட், வெட்டு கிடையாது. | பேச்சு இல்லை. பட்டறை ஒலி. (6 வினாடி) |
| 11. உலர்ந்த கலவையைத் தூவும் கை. ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வது. மூன்று ஷாட். | "மேலே உலர்ந்த மணல், சிமென்ட், அதன்மேல் ஈரக் கலவை. இப்போது பூ அடியில் குப்புறக் கிடக்கிறது." (9 வினாடி) |
| 12. முன்பே வார்த்த அதே அச்சுக் கல். கண்ணாடி கழல்கிறது, பூ தெரிகிறது. ஒரே ஷாட். | முதலில் ஒலி மட்டும். பிறகு: "சுடவில்லை, மெருகேற்றவில்லை. கண்ணாடியைத் தொட்டுக் கிடந்த முகம் இது." (8 வினாடி) |

எட்டாவது, பத்தாவது வரிசைகளில் பேச்சு இல்லாததைக் கவனியுங்கள். கட்டுரையில் அந்த இடங்களில் நீளமான விளக்கம் இருந்தது: அச்சு எப்படி வைக்கப்படுகிறது, எப்படித் தூக்கப்படுகிறது என்று. திரையில் கை அதைச் செய்துகொண்டிருக்கும்போது குரலும் அதையே சொன்னால் பார்ப்பவருக்கு எரிச்சல்தான் வரும். இரண்டு பத்தியும் அருகருகே இருக்கும்போதுதான் இப்படி ஒரே செய்தி இரண்டு தரம் வருவது கண்ணில் படுகிறது. என் வழக்கம் இப்போது இதுதான்: இடப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு வலப்பக்கத்தை மட்டும் படிப்பேன், பிறகு வலப்பக்கத்தை மூடிக்கொண்டு இடப்பக்கத்தை மட்டும் பார்ப்பேன். காட்சியே சொல்லிவிடுவதைப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவேன். ஒன்பதாவது வரிசையில் குழம்பின் நிறம் கண்ணுக்குத் தெரியும், அதில் சிமென்ட் இருப்பது தெரியாது. ஆகவே அதைக் குரல் சொல்கிறது.

ஒரு வரிசை எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பதும் முதலில் எனக்குப் புரியவில்லை. பாராவை அப்படியே ஒரு கட்டத்தில் கொட்டினால் எதிரே "பட்டறைக் காட்சிகள்" என்றுதான் எழுத முடியும். வாக்கியம் முடிகிற இடத்தில் வெட்டினாலும் சில நேரம் சரிவராது, ஏனெனில் ஒரே வாக்கியத்துக்குள் பார்க்க வேண்டிய பொருள் மாறிவிடும். பார்ப்பவர் கண் வேறொன்றுக்குப் போக வேண்டிய இடத்தில் புதிய வரிசை தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படிப் பிரித்தால் பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து வினாடிக்குள் ஒரு வரிசை அமைகிறது. ஒரு வரிசைக்குள் ஒன்றுக்கு மேல் ஷாட் வேண்டுமானால் எத்தனை என்று எண்ணை எழுதிவிட வேண்டும். பதினோராவது வரிசையில் ஒன்பது வினாடிக்கு மூன்று ஷாட் என்று எழுதாமல் விட்டிருந்தால் கேமராமேன் ஒரே கோணத்தில் எடுத்திருப்பார், எடிட்டர் கையைப் பிசைந்திருப்பார்.

பன்னிரண்டாவது வரிசைதான் என்னை மறுபடி ஆத்தங்குடிக்கு இழுத்தது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் படத்தில் ஒரு நொடிகூட இல்லை, பட்டறையில் சில நாட்கள் இருக்கின்றன. எழுதும்போது இது தெரிந்தால் செய்ய வேண்டியது ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. பட்டறைக்காரரிடம், "அண்ணே, நாங்க வர்ற அன்னைக்குக் கண்ணாடி கழத்துற பதத்துல கல்லு இருக்கணும். எந்த அச்சு, என்ன நிறம்னு சொல்லிருங்க, அதையே அன்னைக்குப் புதுசாவும் ஊத்தணும்" என்று கேட்டேன். அவர் சிரமம் பார்க்காமல் ஐந்தாறு கற்களை எடுத்து வைத்திருந்தார். ஒரே அச்சு, ஒரே நிறம் என்பது முக்கியம். ஊற்றும்போது சிவப்புப் பூவாக இருந்து கழற்றும்போது பச்சை நட்சத்திரமாக வந்தால் பார்ப்பவர் நம்பமாட்டார். கற்கள் ஐந்தாறு இருந்ததால் கழற்றும் ஷாட்டை ஒன்று அருகிலிருந்தும், ஒன்று பெரியவரின் முகம் தெரியவும் எடுக்க முடிந்தது. வேலையின் இடையில் காத்திருப்பு உள்ள எதற்கும், ஊறுகாயோ மண்பானையோ சாயம் தோய்ப்பதோ, இந்தக் கேள்வியை ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே கேட்டுப் பாருங்கள்: இதற்கும் அடுத்ததற்கும் இடையே நிஜத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது?

ஸ்கிரிப்டின் வரிசை படப்பிடிப்பின் வரிசை ஆகாது என்பதால், அட்டவணை முடிந்ததும் அதிலிருந்து இன்னொரு தாள் எடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையின் எண்ணையும் இடத்தையும் மட்டும் எடுத்து, ஒரே இடத்தில் எடுக்க வேண்டியவற்றை ஒன்றாகச் சேர்த்தேன். பழைய வீட்டின் தரை மூன்று இடங்களில் வருகிறது: 2, 3, 19. அவை காலையில் முற்றத்து வெளிச்சம் தரையில் விழும்போது வேண்டும், அதற்கு வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வேண்டும். எனவே காலையில் முதல் வேலை அங்கே. பட்டறைக்குப் போனதும் கைவேலை ஷாட்கள் எல்லாம் ஒரே தொடர்ச்சியில், ஏனெனில் கூரைக்கு அடியில் வரும் வெளிச்சம் மதியத்துக்குப் பின் மாறிவிடுகிறது. முதல் பயணத்தில் எடுத்த கை ஷாட்களோடு புதியவற்றைச் சேர்க்க முயன்றோம். வெளிச்சமும் சட்டையும் வேறு வேறாக இருந்ததால் பழையவற்றில் பெரும்பகுதியைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

படப்பிடிப்பின்போது ஒவ்வொரு ஷாட்டின் தொடக்கத்திலும் வரிசை எண்ணை நான் வாய்விட்டுச் சொன்னேன்: "ஒன்பது, சிவப்பு, முதல் தரம்." எடிட்டரிடம் போனபோது எந்தக் கோப்பு எந்தக் கட்டத்துக்கு என்று தேட வேண்டியிருக்கவில்லை, முதல் முறை அந்தத் தேடலுக்கே ஒரு நாள் போயிருந்தது. இன்னொன்று, அட்டவணையில் ஷாட்டின் நீளம் நான்கு வினாடி என்று இருந்தால் நான்கு வினாடி எடுக்கக் கூடாது. கை அசைவதற்கு முன் சில வினாடி, முடிந்த பிறகு சில வினாடி கேமரா ஓட வேண்டும். அந்த ஓரங்கள் இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட இடம் இருக்காது. எடுத்து முடித்த எண்ணைத் தாளில் அடித்துக்கொண்டே வந்தோம்; மாலை நான்கு மணிக்கு அடிக்காத எண் ஒன்று மட்டும் இருந்தது, அதுவும் பட்டறையின் ஒலியைத் தனியாக அரை நிமிடம் பதிவு செய்வது. முன்பாக இருந்தால் அதை நினைத்தே பார்த்திருக்கமாட்டோம். பேச்சில்லாத வரிசைகளுக்கு அடியில் ஓடுவது அந்த ஒலிதான்.

தாளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. வேர்டில் அட்டவணை போட்டு அச்செடுத்தபோது ஒரு வரிசையின் பாதி ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் விழுந்தது. கேமராமேன் ஒரு ஷாட்டைத் தவறவிட அது போதும். Table Properties-இல் Row என்ற பகுதிக்குப் போய் Allow row to break across pages என்பதில் உள்ள குறியை எடுத்துவிட்டால் வரிசை உடையாது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு மற்றவர் போனில் வெறும் குறிகளாகத் தெரியும்; யூனிகோடில் இருந்தாலும் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புவதே பாதுகாப்பு.

பேட்டிக்கு மட்டும் இந்த முறை அப்படியே பொருந்தாது. அந்தப் பெரியவர் என்ன சொல்வார் என்று நான் முன்பே எழுதிக் கொடுத்தால் அவர் ஒப்பிப்பார். முதல் பயணத்தில் அப்படித்தான் நடந்தது, முகம் இறுகிப் போய்ப் பயன்படுத்த முடியாத பதிவாக இருந்தது. இரண்டாவது முறை வலப்பக்கத்தில் என் கேள்வியையும், அதிலிருந்து எனக்கு வேண்டிய ஒரு செய்தியையும் மட்டும் எழுதினேன்: "நிறம் கலக்காமல் அச்சைத் தூக்குவது எப்படி? (கை நடுங்கினால் என்ன ஆகும் என்பது வர வேண்டும்.)" இடப்பக்கத்தில் அவர் முகத்தோடு நிறுத்தாமல், அவர் பேச்சின் மேல் போடுவதற்கான ஷாட்களையும் எழுதினேன்: நிறம் படிந்த நகங்கள், அச்சின் பிடி, கல்லை வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பது. பேச்சில் வெட்டு விழும் இடங்களை மறைக்க அவை தேவை. படப்பிடிப்பு முடிந்ததும் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டு எழுதி, கேள்வி இருந்த கட்டத்தில் அவருடைய சொற்களையே கோப்பின் பெயரோடும் நேரத்தோடும் ஒட்டினேன். அதன் பிறகுதான் பின்னணிக் குரலைக் கடைசியாகத் திருத்தினேன். பத்தாவது வரிசைக்குக் குரல் வேண்டாம் என்று முடிவானதும் அப்போதுதான். "மூச்சப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கணும்" என்று அவர் சொல்லி முடித்த உடனே அச்சு எழுவதைக் காட்டினால் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லை என்று எடிட்டரும் ஒத்துக்கொண்டார். குரல்பதிவை அதற்குப் பின்னரே வைத்தோம், 290 சொற்களில்.